வராத பணத்துக்கு வரி கட்ட வேண்டுமா?

வாசகர் கேள்வி: காவேரிப்பட்டணத்தில் பிவிசி பைப், மோட்டார் கடை வைத்திருக்கிறேன். கடை என் பெயரில்தான். வருஷ விற்பனை இரண்டே முக்கால் கோடி, பாதி ரொக்கம். 2022-ல் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு போர்வெல் கான்ட்ராக்டருக்குக் கொடுத்த பைப்புக்கு 3,54,000 ரூபாய் (ஜிஎஸ்டி 54,000 உட்பட) வரவில்லை. அவர் கொடுத்த செக் திரும்பி, கேஸ் நடக்கிறது. ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். விவசாயிகளிடம் சில்லறை சில்லறையாக 1,80,000 நிற்கிறது. கடைப் பணத்திலிருந்து மைத்துனருக்குக் கைமாற்றாகக் கொடுத்த 1,50,000-ம் திரும்பவில்லை. கேஸ் முடியாமல் எதையும் எழுதித் தள்ள முடியாது என்கிறார் கணக்கு எழுதுபவர். போன மார்ச்சில் அவரே கான்ட்ராக்டர் பாக்கிக்கு ஒரு லட்சம் ‘ப்ரொவிஷன்’ போட்டார். ஆடிட்டர் அதை வருமானத்தில் திரும்பச் சேர்த்து வரி கட்ட வைத்துவிட்டார். இந்த மூன்றையும் 2025-26 கணக்கில் கழிக்கலாமா சார்?

பதில்: கான்ட்ராக்டர் பாக்கியைக் கழிக்கலாம், கேஸ் முடியக் காத்திருக்க வேண்டாம். விவசாயிகள் பாக்கியில் ஒரு பகுதியைக் கழிக்கலாம். மைத்துனர் பணத்தைக் கழிக்க முடியாது.

உங்கள் கணக்கு எழுதுபவர் சொல்வது அவராகக் கண்டுபிடித்ததல்ல. ஒரு காலத்தில் சட்டமே அப்படித்தான் இருந்தது. கடன் வராது என்று ஆனதை, அதுவும் அந்த வருஷத்தில்தான் அப்படி ஆனது என்பதை, வியாபாரி நிரூபித்தாக வேண்டும். நிரூபித்தாலும் ‘இது போன வருஷமே செத்த கடன்’ என்று அதிகாரி ஒருமுறை மறுப்பார், ‘இன்னும் உயிர் இருக்கிறது’ என்று இன்னொரு முறை மறுப்பார். இந்த இழுபறியை ஒழிக்கத்தான் 1989 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தின் 36-ஆவது பிரிவைத் திருத்தினார்கள். வராது என்று கணக்குப் புத்தகத்தில் எழுதித் தள்ளினால் போதும் என்று ஆனது. அதற்குப் பிறகும் துறை நிரூபணம் கேட்டுக்கொண்டே இருந்தது. டிஆர்எஃப் லிமிடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: கடன் உண்மையிலேயே வராமல் போனது என்று நிரூபிக்கத் தேவையில்லை, எழுதித் தள்ளியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள் என்றது. 2016 மே 30-ஆம் தேதி நேரடி வரிகள் வாரியமும் சுற்றறிக்கை எண் 12-ன் மூலம் இதே நிலையை ஏற்றுக்கொண்டு, இதற்காக மேல்முறையீடு செய்ய வேண்டாம் என்று தன் அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டது.

ஆக, கேஸ் முடிய வேண்டும் என்றோ, மூன்று வருஷம் ஆக வேண்டும் என்றோ வருமான வரிச் சட்டத்தில் கிடையாது. மூன்று வருஷம் என்பது பணத்தைக் கேட்டு வழக்குப் போடுவதற்கான காலக்கெடு. அது வேறு சட்டம். (இங்கே ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். செக் கேஸ் வேறு, பணத்தை வசூலிக்கப் போடும் சிவில் வழக்கு வேறு. 2022 பில்லுக்கு சிவில் வழக்குப் போட்டிருக்கிறீர்களா, இல்லையென்றால் கெடு இன்னும் இருக்கிறதா என்பதை இந்த வாரமே வக்கீலிடம் பேசிவிடுங்கள்.)

சட்டம் உண்மையில் கேட்பது இரண்டே இரண்டுதான். அந்தத் தொகை ஏதோ ஒரு வருஷத்தில் உங்கள் வருமானக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். கழிக்கிற வருஷத்தின் புத்தகத்தில் அதை எழுதித் தள்ளியிருக்க வேண்டும். உங்கள் மூன்று பாக்கிகளில் எது தேறும், எது தேறாது என்பதை இந்த இரண்டே தீர்மானித்துவிடும்.

மைத்துனர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பைப் விற்றபோது பணம் கைக்கு வராவிட்டாலும் விற்பனை என்று எழுதினீர்கள், லாபத்தில் சேர்ந்தது, வரி கட்டினீர்கள். அந்த வரவு பொய்யாகிப் போனதால்தான் கழிவு கேட்கும் உரிமை வருகிறது. மைத்துனருக்குக் கொடுத்த 1,50,000 என்றைக்குமே உங்கள் வருமானமாக ஏறியதில்லை. கடைக் கல்லாவிலிருந்து போனதாலேயே அது வியாபாரக் கடன் ஆகிவிடாது. வட்டிக்குக் கொடுப்பதே தொழிலாக இருப்பவருக்கு மட்டும் சட்டம் இதில் விலக்குத் தருகிறது. நீங்கள் பைப் வியாபாரி. அந்தத் தொகையை உங்கள் மூலதனக் கணக்கில் சொந்த எடுப்பாகக் காட்டி முடித்துக்கொள்ளுங்கள். வங்கியில் ஓவர்டிராஃப்ட் வைத்திருந்தால் இன்னொரு காரணத்துக்காகவும் இதைச் செய்வது நல்லது. கடன் வாங்கிய பணத்தைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு அதற்கான வட்டியைக் கடைச் செலவில் எழுதியிருக்கிறீர்களே என்று அதிகாரி கேட்க இடம் இருக்கிறது.

இனி கான்ட்ராக்டர் பாக்கி. போன மார்ச்சில் நடந்தது என்னவென்றால், ‘வராமல் போகலாம்’ என்று ஒரு லட்சத்தை ஒதுக்கி வைத்தார்கள். ஐந்தொகையில் கடன்காரர் பாக்கி 3,54,000 அப்படியே நின்றது, எதிர்ப்பக்கத்தில் ஒரு லட்சம் ஒதுக்கீடாக உட்கார்ந்தது. அது எழுதித் தள்ளியது ஆகாது. சந்தேகக் கடனுக்கு ஒதுக்கி வைக்கும் தொகை, எழுதித் தள்ளிய தொகையாகாது என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பே நேரடியாகச் சொல்கிறது. வங்கிகளுக்கும் அது போன்ற சில நிதி நிறுவனங்களுக்கும் மட்டும் தனி ஏற்பாடு உண்டு. உங்கள் ஆடிட்டர் திரும்பச் சேர்த்தது சரியே. அந்த ஒரு லட்சம் தொலைந்துவிடவில்லை. இந்த வருஷம் முறையாக எழுதித் தள்ளும்போது அதையும் சேர்த்தே கழித்துக்கொள்ளலாம்.

எழுதித் தள்ளுவதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. சாதாரணமாக வாராக்கடனைப் பற்று எழுதி, கடன்காரர் கணக்கிலேயே வரவு வைத்துவிடுவோம். அந்த நபரின் பேரேடு பூஜ்யம் ஆகிவிடும். கேஸ் இல்லாத பாக்கிக்கு அதுவே போதும். உங்களுக்குக் கேஸ் நடக்கிறது. நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் பேரேட்டை வரவழைத்து, ‘பாக்கி எதுவும் இல்லை என்று இவர் கணக்கே சொல்கிறதே’ என்று நீட்டுவார். விஜயா வங்கி வழக்கில், இதுவும் 2010-ல்தான், உச்ச நீதிமன்றம் இதே கவலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. லாப நட்டக் கணக்கில் பற்று எழுதி, ஐந்தொகையில் மொத்தக் கடன்காரர் தொகையிலிருந்து அதைக் கழித்துக் காட்டினாலே எழுதித் தள்ளியது ஆகிவிடும், ஒவ்வொருவர் பேரேட்டையும் மூட வேண்டிய கட்டாயம் இல்லை என்றது.

ஆகவே கான்ட்ராக்டர் பேரேட்டைத் தொடாதீர்கள். டேலியில் `Sundry Debtors` குழுவுக்குள் `Debts Written Off` என்று ஒரு கணக்குத் திறந்து, மார்ச் 31 தேதியிட்டு, `F7` ஜர்னலில் இப்படிப் போடச் சொல்லுங்கள்:

```
Bad Debts                      Dr  2,00,000
Bad Debts - GST                Dr    54,000
Provision for Doubtful Debts   Dr  1,00,000
    To Debts Written Off               3,54,000
```

விவரக் குறிப்பில் கான்ட்ராக்டர் பெயர், பில் எண், தேதி எல்லாம் இருக்கட்டும். புதிய கணக்கு வரவு மீதியோடு கடன்காரர் குழுவுக்குள்ளேயே நிற்பதால் ஐந்தொகையில் மொத்தப் பாக்கி 3,54,000 குறைந்துவிடும். கான்ட்ராக்டர் பேரேட்டில் பாக்கி அப்படியே தெரியும். ‘போன வருஷ ஒதுக்கீடும் கணக்கில் ஓர் எதிர் எழுத்துதானே, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்’ என்று கணக்கு எழுதுபவர் கேட்பார். ஒதுக்கீடு எதிர்ப்பக்கத்தில் பொறுப்பாக உட்கார்ந்திருந்தது, சொத்துப் பக்கம் குறையவில்லை. இதில் சொத்தே குறைகிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் கழிவு கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது.

லாப நட்டக் கணக்கில் இந்த வருஷம் 2,54,000-தான் ஏறும். போன வருஷம் வருமானத்தில் திரும்பச் சேர்த்த ஒரு லட்சத்தை, வருமானக் கணக்கீட்டுத் தாளில் தனி வரியாக ஆடிட்டர் கழிக்க வேண்டும். இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். லாப நட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் அந்த ஒரு லட்சம் கண்ணில் படாது. பழைய வருஷத்துத் திரும்பச் சேர்ப்பு இப்படிக் கேட்பாரற்றுப் போவதை நான் பல ஃபைல்களில் பார்த்திருக்கிறேன்.

ஜிஎஸ்டி 54,000-ஐ ஏன் தனியாகப் பிரித்தேன்? பில் போட்ட அன்றைக்கு உங்கள் விற்பனைக் கணக்கில் ஏறியது 3,00,000. மீதி 54,000 அரசுக்குக் கட்ட வேண்டிய வரியாகத் தனிக் கணக்கில் போனது. அதைக் கைப்பணத்திலிருந்து கட்டியும் விட்டீர்கள். ஜிஎஸ்டியில் இதைத் திரும்பப் பெற வழியில்லை. கிரெடிட் நோட் என்பது சரக்கு திரும்பி வந்தாலோ, தரம் குறைந்தாலோ, விலையோ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தாலோதான் செல்லும். காசு வரவில்லை என்பது அதில் ஒரு காரணமே அல்ல. ‘சரக்கு திரும்பி வந்ததாக ஒரு கிரெடிட் நோட் போட்டுவிடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வராத பைப்பை ஸ்டாக்கில் எங்கே காட்டுவீர்கள்?

வருமான வரியில் இந்த 54,000 வாதத்துக்குரிய தொகை. ‘இது விற்பனையில் ஏறவே இல்லையே, வருமானக் கணக்கில் வந்திருந்தால்தானே வாராக்கடன்’ என்று அதிகாரி கேட்கலாம். விற்பனையை வரியோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 145ஏ பிரிவு சொல்கிறது, அந்த வகையில் இதுவும் கணக்கில் வந்ததுதான் என்பது நம் பக்க வாதம். அது எடுபடாவிட்டாலும், வியாபாரம் செய்ததால் நேர்ந்த நட்டம் என்று பொதுப் பிரிவுகளின் கீழ் கேட்கலாம். என் கருத்து, கேளுங்கள், ஆனால் வெளிப்படையாகத் தனி வரியில் காட்டிக் கேளுங்கள். மறுத்தாலும் 3,00,000 அதோடு சேர்ந்து ஆடாது.

அந்த 3,00,000-ல் உங்களுக்கு மிச்சமாவது எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுங்கள். புதிய வரி முறையில் உங்கள் வருமானம் 19 லட்சத்து 50 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். 16-லிருந்து 20 லட்சம் வரையிலான அடுக்கில் வரி 20 சதவீதம். 3,00,000 கழிந்தால் வரி 60,000, செஸ் 2,400, ஆக 62,400 குறையும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்ததால் வாராக்கடன் கழிவு போய்விடாது. ஆனால் போன மூன்று லட்சத்தில் வரித்துறை வழியாகத் திரும்புவது இவ்வளவுதான். ‘எழுதித் தள்ளிவிட்டோமே, இனி எதற்கு அலைச்சல்’ என்று கேஸைக் கைவிட்டுவிடாதீர்கள்.

விவசாயிகள் பாக்கிதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. நிரூபிக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னதற்கு, கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பெயரையும் தள்ளலாம் என்று பொருள் இல்லை. விற்பனை உண்மையா, தள்ளியது நேர்மையான முடிவா என்று அதிகாரி பார்க்கத்தான் செய்வார். மாங்காய் வெட்டினால் கொடுக்கிறேன் என்று சொல்லி, போன சீசனில் பத்தாயிரம் கொடுத்துவிட்டு, இன்றைக்கும் உங்களிடமே மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவரின் பாக்கி தாமதமான பாக்கி, அவ்வளவே. அதை மார்ச் 31-ல் தள்ளிவிட்டு ஜூனில் அவரிடமே பணம் வாங்கினால், அந்த ஒரு வரி மற்ற எல்லாப் பெயர்களையும் சந்தேகத்துக்கு இழுத்துவிடும். நிலத்தை விற்றுவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டவர், இறந்துபோய் வாரிசுகள் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று கைவிரித்தவர்கள், 2019-க்குப் பிறகு ஒரு ரூபாய்கூடத் தராதவர் போன்றோரின் பாக்கியைத் தள்ளுங்கள்.

ஒருவர் பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் தள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. இருபதாயிரத்தில் எட்டாயிரம் தருகிறேன், அதற்கு மேல் முடியாது என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்திருந்தால், பன்னிரண்டாயிரத்தை எழுதித் தள்ளலாம்.

இதையெல்லாம் பெயர் பெயராகச் செய்ய வேண்டும். ‘பலதரப்பட்ட பாக்கி 1,10,000’ என்று ஒரே வரியில் எழுதினால் கேள்வி வரும். ஒவ்வொருவர் பேரேட்டிலும் தனியாக வரவு வையுங்கள், அவர்கள் மேல் கேஸ் எதுவும் இல்லாததால் பேரேட்டை மூடுவதில் தவறில்லை. பழைய பில், கடன் நோட்டில் அவர் போட்ட கையெழுத்து, கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, இருப்பதை எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். பில்லே போடாமல் துண்டுச் சீட்டில் கொடுத்த சரக்கு ஏதாவது இந்த 1,80,000-க்குள் இருந்தால் அது விற்பனையில் ஏறியிருக்காது, அதனால் கழிவும் கிடையாது. அதைக் கேட்கப் போனால் பில் போடாத விற்பனையை நீங்களே ஒப்புக்கொண்டது போல் ஆகும்.

ரிட்டர்னில் இந்தப் பெயர்கள் தெரியத்தான் போகின்றன. உங்களுக்குரிய `ITR-3` படிவத்தின் லாப நட்டப் பகுதியில், ஒரு லட்சமோ அதற்கு மேலோ வாராக்கடன் காட்டினால் அந்த நபரின் பான் அல்லது ஆதார் எண் கேட்பார்கள். இல்லையென்றால் பெயரும் முழு முகவரியும் தர வேண்டும். கான்ட்ராக்டரின் பான், அவருடைய ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கத்தை விட்டுவிட்டு அடுத்த பத்து எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயிகள் ஒவ்வொருவரும் ஒரு லட்சத்துக்குக் குறைவு என்பதால் அவர்கள் தொகை மொத்தமாகப் போகும்.

தேதி விஷயத்தில் பதற்றம் வேண்டாம். வருஷக் கணக்கை முடிக்கும் எழுத்துகளை ஏப்ரலிலோ மே மாதத்திலோ உட்கார்ந்து எழுதினாலும் மார்ச் 31 தேதியில்தான் போடுகிறோம். ஆடிட்டர் கையெழுத்துப் போடும் முன் இது ஏறிவிட வேண்டும், ஆடிட் அறிக்கை போன பிறகு திறந்து எழுத முடியாது. அப்படித் தவறினாலும் கழிவு போய்விடாது. கடன் எந்த வருஷம் கெட்டது என்பது இப்போது கேள்வியே இல்லாததால், அடுத்த வருஷப் புத்தகத்தில் எழுதித் தள்ளி அந்த வருஷம் கேட்கலாம். 2026 ஏப்ரல் முதல் 1961 சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்கள்தான் மாறும். உங்கள் 2025-26 கணக்கு பழைய சட்டத்திலேயே போகிறது.

உங்கள் தெருவில் விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி 44ஏடி-யில் ரிட்டர்ன் போடும் கடைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களும் கேட்க நினைத்தால், அவர்களுக்குக் கிடைக்காது. எல்லாச் செலவும் கழிவும் அந்த சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் விற்பனை இரண்டு கோடிக்கு மேல், அதில் பாதி ரொக்கம் என்பதால் நீங்கள் அதில் வர மாட்டீர்கள்.

நாளைக்குக் கேஸில் சமரசமாகி, கான்ட்ராக்டர் 1,20,000 கொண்டுவந்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்த வருஷத்தில் அது வருமானமாகும். ஆனால் முழுவதும் ஆகுமா என்பது அந்த 54,000-ன் கதியைப் பொறுத்தது. 3,54,000-ஐயும் துறை கழிக்க விட்டிருந்தால் 1,20,000 மொத்தமும் வருமானம். 54,000-ஐ மறுத்திருந்தால், கழிக்க விடாத அந்தத் தொகையை முதலில் ஈடுகட்டிக்கொண்டு, மீதி 66,000-க்கு மட்டும் வரி கட்டினால் போதும். ஜிஎஸ்டி ஏற்கெனவே கட்டியாகிவிட்டதால் வரும் பணத்துக்கு மறுபடி கட்ட வேண்டியதில்லை. அந்த ரசீதைப் புது விற்பனை என்று பில் போட்டுவிடாமல், `Bad Debts Recovered` என்ற தலைப்பில் வரவு வைக்கச் சொல்லுங்கள்.